ஸ்ட்ரோக்: ஒரு கை வீச்சில் எத்தனை தூரம்?

நீச்சல் குளத்தின் ஓரத்தில் அரை மணி நேரம் நின்றால் போதும், "ஸ்ட்ரோக்கைக் குறை", "ஸ்ட்ரோக்கை நீட்டு", "ஸ்ட்ரோக் ரேட் பத்தலை" என்று மூன்று விதமாகக் காதில் விழும். சொல் ஒன்றுதான், பொருள் மூன்று. முதலாவது, ஒரு முறை குளத்தைக் கடக்கக் கையை எத்தனை தடவை போடுகிறோம் என்ற எண்ணிக்கை. இரண்டாவது, ஒரு தடவை கை போட்டால் உடல் கடக்கும் தூரம். மூன்றாவது, ஒரு நிமிடத்தில் எத்தனை தடவை கை போடுகிறோம் என்பது. இவற்றைக் குழப்பிக்கொண்ட பிள்ளைகள் மாதக்கணக்கில் தவறானதைப் பயிற்சி செய்வதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்தச் சொல்லை நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

ஆங்கிலத்தில் ஸ்ட்ரோக் என்பது, அடித்தலைக் குறிக்கும் ஸ்டிரைக் என்ற வினையோடு ஒரே வேரில் பிறந்தது. கடிகாரம் மணி அடிப்பதும், துடுப்பு ஒரு முறை நீரைத் தள்ளுவதும், தூரிகையின் ஒரு தீற்றலும், பக்கவாதம் தாக்குவதும் அங்கே ஸ்ட்ரோக்தான். எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது 'ஒரு முறை' என்ற எண்ணம். மற்ற மொழிக்காரர்கள் நீச்சலுக்கு வேறு வழியில் போனார்கள். ஜெர்மன்காரர்கள் 'ட்சூக்' என்கிறார்கள். இழுப்பு என்று பொருள். பிரெஞ்சுப் பயிற்சியாளர்கள் ஒரு கைபோடலில் கிடைக்கும் தூரத்தை 'ஆம்ப்ளிட்யூட்' என்கிறார்கள். நம் இயற்பியல் பாடநூலில் 'வீச்சு' என்று படித்தோமே, அதே சொல்.

தமிழில் என்ன சொல்லலாம்? செயலுக்கு மிகவும் பொருத்தம் 'இழுப்பு'. கை நீரைப் பிடித்து இழுக்கும்போதுதான் உடல் முன்னே போகிறது. ஆனால் இழுப்பு என்றாலே நமக்கு மூச்சிரைப்பு நோய் நினைவுக்கு வந்துவிடும். படகுக்காரர்கள் 'தண்டு வலித்தல்' என்பார்கள். அதிலிருந்து பெயர்ச்சொல் எடுத்தால் 'வலிப்பு' என்றாகி, இன்னொரு நோயில் போய் முடியும். கிணற்றில் நீச்சல் கற்றவர்கள் 'கை போடு' என்பார்கள். அழகான சொல், ஆனால் அதை வைத்து 'கை நீளம்' என்று சொன்னால் தோளிலிருந்து விரல் நுனி வரை அளப்பதாக ஆகிவிடும். மிஞ்சுவது 'வீச்சு'. கை வீசுவது, வலை வீசுவது எல்லாம் புழக்கத்தில் இருப்பதால் கேட்டவுடன் புரிகிறது. ஒரு குறை உண்டு. வீச்சு என்றதும் கண் நீருக்கு மேலே வரும் கையின் மேல்தான் போகிறது. வேலை நடப்பதோ நீருக்கு உள்ளே. இந்தக் குறையைத் தெரிந்துகொண்டே அந்தச் சொல்லை எடுத்துக்கொள்கிறேன்.

அப்படியானால் ஸ்ட்ரோக் ரேட் என்பது வீச்சு வீதம். 'விகிதம்' வேண்டாம், அது இரண்டு அளவுகளை ஒப்பிடுவது. நிமிடத்துக்கு இத்தனை என்றால் வீதம்தான் சரி. ஒரு வீச்சில் கடக்கும் தூரத்துக்கு 'வீச்சு நீளம்' என்று சிலர் எழுதுகிறார்கள். அது எனக்கு உடன்பாடில்லை. 'வீச்சுத் தொலைவு' என்றுதான் சொல்ல வேண்டும். நீளம் என்று கேட்ட பிள்ளை கையை முன்னால் நீட்டி, அப்படியே வைத்துக்கொண்டு மிதக்கத் தொடங்குகிறது. அளக்கப்படுவது கை எட்டிய தூரம் அல்ல, உடல் நகர்ந்த தூரம். தரையில் நடப்பதற்கு நம்மிடம் அருமையான சொல் இருக்கிறது. "நாலு எட்டு வைத்தால் கடை வந்துவிடும்" என்கிறோம். எட்டு என்பதில் காலடியும் கடந்த தூரமும் சேர்ந்தே இருக்கின்றன. நீரில் அதே வேலையைச் செய்வது வீச்சுத் தொலைவு.

கணக்கு எளிது:

வேகம் = வீச்சு வீதம் × வீச்சுத் தொலைவு

ஃப்ரீஸ்டைலில் ஒரு வீச்சு என்று இங்கே நான் சொல்வது இரு கையும் சேர்ந்த முழுச் சுற்று. வலது கை நீரில் நுழைவதிலிருந்து அதே கை மறுபடி நுழையும் வரை. சிலர் ஒவ்வொரு கையையும் தனித்தனியாக எண்ணுவார்கள். அப்போது வீதம் இரட்டிப்பாகத் தெரியும், தொலைவு பாதியாகத் தெரியும். இன்னொருவர் எண்ணோடு ஒப்பிடும் முன் இதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

அளக்கும்போது சுவரை விட்டு விலகி நிற்க வேண்டும். 25 மீட்டர் குளத்தில் சுவரை உதைத்துக் கிளம்பும் வேகம் முதல் ஐந்து மீட்டரையாவது கெடுத்துவிடும். அதனால் 5 மீட்டரில் ஒரு அடையாளம், 20 மீட்டரில் ஒரு அடையாளம் வைத்து, தலை அவற்றைக் கடக்கும் நேரத்தை எடுங்கள். இடைப்பட்ட 15 மீட்டரில் மூன்று முழுச் சுற்றுக்கு எத்தனை வினாடி ஆகிறது என்றும் இன்னொரு கடிகாரத்தில் எடுங்கள். 180-ஐ அந்த வினாடிகளால் வகுத்தால் நிமிட வீதம். வேகத்தை வீதத்தால் வகுத்து 60-ஆல் பெருக்கினால் வீச்சுத் தொலைவு. ஒரு முறை குளத்தைக் கடக்க எத்தனை கை என்று மட்டும் எண்ணினால் போதாது. சுவரை ஓங்கி உதைத்து எட்டு மீட்டர் நீருக்கடியில் போகிற பையனுக்கு எண்ணிக்கை குறைவாகவே வரும், அவன் நீச்சல் எப்படி இருந்தாலும்.

இனி எதைக் கூட்டுவது? இரண்டையும் ஒன்றாகக் கூட்ட முடிந்தால் யாருக்கும் இந்தக் கேள்வியே வராது. வீதம் கூடக்கூட, ஒரு கட்டத்துக்குப் பிறகு தொலைவு குறையும். க்ரெய்க், பெண்டர்காஸ்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1979-இல் இதை அளந்து காட்டினார்கள். கேட்க வேண்டியது இதுதான்: வீதம் கூடியதற்கு எத்தனை தொலைவை விலையாகக் கொடுத்தோம்?

நான் வார இறுதியில் கடிகாரம் பிடிக்கும் குளத்தில் 14 வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். 100 மீட்டர் போட்டியின் நடுப்பகுதியில் அவன் வீதம் 32. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை பீப் ஒலி எழுப்பும், தொப்பிக்குள் செருகும் சிறிய கருவியைக் கொடுத்து, நன்றாக ஓய்வெடுக்க வைத்து, ஐந்து முறை அந்த 15 மீட்டரை நீந்தச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் வீதத்தை நாலு நாலாகக் கூட்டினேன்.

வீதம் 28-இல் அவன் 15.2 வினாடி. 32-இல் 13.7. 36-இல் 12.6. 40-இல் 12.5. 44-இல் 12.9.

இதை வீச்சுத் தொலைவாக மாற்றினால் கதை தெளிவாகிறது. 32-இலிருந்து 36-க்குப் போனபோது வீதம் 12.5 விழுக்காடு கூடியது, தொலைவு 2.05 மீட்டரிலிருந்து 1.98-ஆக, ஏறக்குறைய 3 விழுக்காடு மட்டுமே குறைந்தது. நல்ல லாபம். 36-இலிருந்து 40-க்கு வீதம் 11 விழுக்காடு கூடியும், தொலைவு 9 விழுக்காடு விழுந்து 1.80-க்கு வந்துவிட்டது. கிடைத்தது பத்தில் ஒரு வினாடி. 44-இல் தொலைவு 1.59. வீதம் கூடியதைவிடத் தொலைவு விழுந்ததே அதிகம், அதனால் வேகமே குறைந்தது.

போட்டியில் 32-இல் போகிற பையனுக்கு 36 வரை இடம் இருக்கிறது. இவன் கூட்ட வேண்டியது வீதம். அவனிடம் சொன்னபோது, "அப்ப கையை வேகமா இழுக்கணுமாண்ணா?" என்று கேட்டான். அங்கேதான் கவனம் வேண்டும். நீருக்குள் வெடுக்கென்று இழுத்தால் கை நழுவும், தொலைவு போய்விடும். அவன் நேரத்தைத் தொலைத்துக்கொண்டிருந்தது முன்னால் நீட்டிய கையை அங்கேயே நிறுத்தி வைப்பதில். அந்த நிற்கிற நேரத்தில் உடல் வேகம் இழக்கிறது, அடுத்த இழுப்பு இழந்ததை மீட்பதிலேயே செலவாகிறது. நீரின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், ஏறி இறங்கும் வேகம் சீரான வேகத்தைவிட அதிகமாகக் களைப்பாக்கும். "கை நீண்டவுடன் நுனி கீழே சாயட்டும், அங்கே நிற்காதே" என்று மட்டும் சொன்னேன். ஒரு சுற்றுக்கு 1.67 வினாடி என்று பீப் வைத்து, 25 மீட்டர்களாக, நடுவில் போதுமான ஓய்வோடு பழகினான். பீப் பிடிபட்டும் 15 மீட்டர் நேரம் 12.6-க்கு மேல் ஏறினால் அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிடுவோம். களைப்பில் பழகுவது நழுவும் கையைத்தான் பழக்கும்.

36 என்பதை 100 மீட்டர் முழுக்க உடனே தாங்க முடியாது. வேகம் பத்து விழுக்காடு கூடினால் நீரின் தடையை வெல்லும் திறன் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூட வேண்டும். இரண்டு வாரத்தில் பலன் தெரியவில்லை என்று விட்டுவிடக் கூடாது.

அதே தடத்தில் நீந்தும் ஒரு சிறுமிக்கு இதே சோதனை நேர் எதிராக வந்தது. அவள் போட்டியில் போகிற வீதம் 46, 15 மீட்டருக்கு 13.5 வினாடி. 40-க்குக் குறைத்துப் போகச் சொன்னேன், 13.4. ஆறு சுற்றைக் குறைத்தும் வேகம் குறையவே இல்லை. அவள் இன்னும் வேகமாகக் கை போட்டுப் பயனில்லை, தொலைவைத்தான் கூட்ட வேண்டும். காரணம் கண்ணாலேயே தெரிந்தது. நீர்க்கண்ணாடி போட்டுப் பக்கத்துத் தடத்தில் மூழ்கிப் பார்த்தபோது, அவள் இடது கையைச் சுற்றி வெள்ளைக் குமிழிகள் புகை மாதிரி ஒட்டிக்கொண்டே போயின. உள்ளங்கை தட்டையாக விழுந்து காற்றைக் கூடவே இழுத்துப் போகிறது. காற்றைப் பிடித்த கை நீரைப் பிடிக்காது. விரல் நுனி முதலில் நுழைய வேண்டும், முழங்கை உயரத்தில் நிற்க முன்கை செங்குத்தாகக் கீழிறங்க வேண்டும். கையை முஷ்டியாக மூடிக்கொண்டு ஒரு நீளம், திறந்து ஒரு நீளம் என்று மாற்றி மாற்றி நீந்தினால் முன்கையும் நீரைத் தள்ளும் என்பது அவளுக்கே தெரிய வரும். அவளுக்குக் கொடுத்த ஒரே அளவுகோல், 40 வீதத்தில் குமிழி இல்லாத இடது கை.

உயரமானவர்களைப் பார்த்து உங்கள் எண்ணை வைக்காதீர்கள். 1988 சியோல் ஒலிம்பிக்கில் ஜேனட் இவான்ஸ் 400 மீட்டரை 4:03.85-இல் முடித்தார், அந்தச் சாதனை 2006 வரை நின்றது. உயரம் குறைவான அவர், காற்றாடி மாதிரி விடாமல் கை சுழற்றி நீந்தினார். 2012 லண்டனில் 1500 மீட்டரை 14:31.02-இல் முடித்த, இரண்டு மீட்டரைத் தொடும் உயரமுள்ள சுன் யாங் அதற்கு மாறாக, நீண்ட நிதானமான வீச்சால் பெயர் வாங்கியவர். இருவரும் உலகச் சாதனை படைத்தார்கள்.

போட்டி முடிந்த பிறகும் இந்த இரண்டு எண்களைப் பிரித்துப் பாருங்கள். கடைசி 25 மீட்டரில் வீதம் அப்படியே இருந்து தொலைவு மட்டும் விழுந்திருந்தால், கை சுற்றுகிறது, நீர் நழுவுகிறது. பெரும்பாலும் இடுப்பு கீழே இறங்கியிருக்கும். தொலைவு அப்படியே இருந்து வீதம் விழுந்திருந்தால் பிடிப்பில் குறை இல்லை, தாங்கும் சக்தி போதவில்லை. முதல் வகைக்கு நுட்பப் பயிற்சி, இரண்டாவது வகைக்கு அதே வீதத்தில் நீண்ட நேரம் நீந்தும் பயிற்சி. அந்தப் பையனின் சென்ற மாதப் போட்டியில் வீதம் 35-இலிருந்து 31-க்கு இறங்கியிருந்தது, தொலைவு ஏறக்குறைய மாறவில்லை. இந்த வாரம் அவனுக்கு 50 மீட்டர்கள், அதே பீப்போடு.