மக்குமா, சிதையுமா: ஒரு விளம்பரச் சொல்லின் கதை

“எங்கள் கோப்பை உயிரிச் சிதைவுறும் தன்மை கொண்டது.” சூழலுக்கு உகந்த பொருள்கள் என்று சொல்லி விற்பவர்களின் காணொலிகளில் இந்த வாக்கியம் ஓயாமல் ஒலிக்கிறது. பயோடிகிரேடபிள் என்பதை மொழிபெயர்த்திருக்கிறார்களாம். கேட்பவருக்குப் புரியாது. புரியாததால் அறிவியல் போலத் தோன்றும். அறிவியல் போலத் தோன்றுவதால் யாரும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை. வசனம் எழுதியவர் இதைத் திட்டமிட்டுச் செய்தார் என்று சொல்லமாட்டேன். ஆனால் விற்பவருக்கு இதைவிட வசதியான தமிழ் கிடைக்காது.

மூலச் சொல்லில் பெரிய மர்மம் இல்லை. பயோஸ் என்றால் கிரேக்கத்தில் உயிர். டிகிரேட் லத்தீன் வழி வந்தது, படியிறங்குவது என்று பொருள். உயிர்களால் படிப்படியாக எளிய பொருளாக இறங்குவது என்று கொள்ளலாம். இதற்குத் தமிழில் மக்குதல் என்ற வினை ஏற்கெனவே இருக்கிறது. எழுத்து வழக்கில் மட்குதல். வெட்கம் வெக்கமானதும் உட்கார் உக்கார் ஆனதும் போலத்தான் மட்கு மக்கானது. ஒளி மழுங்குதல், வலிமை குன்றுதல் என்ற பொருளும் அதற்குண்டு. இலைதழை தன் உருவிழந்து கரிய மண்ணாவதைப் பாடநூல்காரரும் மட்கு என்கிறார், தோட்டக்காரரும் மக்கு என்கிறார். இவ்வளவு போதும்.

இனி அந்த ‘உயிரிச் சிதைவு’. அதன் முதல் குறை, சிதைவு என்ற சொல்லிலேயே இருக்கிறது. சிதைதல் என்றால் உருக்குலைந்து துண்டாவது. சிலை சிதையும், கோட்டை சிதையும். சிதைந்த பிறகும் சிலை கல்லாகவேதான் கிடக்கும். மக்கியதோ வேறு பொருளாகிவிடும். நுண்ணுயிர்கள் அதிலுள்ள கார்பன் என்ற கரியை உண்டு, ஒரு பகுதியைக் கரியமில வாயுவாக வெளிவிட்டு, மறுபகுதியைத் தம் உடலாக்கிக்கொள்கின்றன. கூடவே நீரும் சிறிது உப்புகளும் உண்டாகின்றன. இந்த வேறுபாடு சொல்லாராய்ச்சிக்காரரின் பொழுதுபோக்கு அல்ல, பசுமை வியாபாரத்தின் மிகப் பெரிய பொய் ஒளிந்திருக்கும் இடமே இதுதான். சாதாரண பாலித்தீனில் உலோக உப்புகளைச் சிறிதளவு கலந்தால் அது வெயிலிலும் காற்றிலும் சீக்கிரம் நொறுங்கும். ஆக்ஸோ வகை நெகிழி என்பார்கள். பை கண்ணிலிருந்து மறையும், துணுக்குகள் மண்ணில் தங்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2019-ல் இயற்றிய சட்டத்தின்படி இவ்வகைப் பொருள்களை 2021 முதல் சந்தையிலிருந்தே விலக்கிவிட்டது. அந்தப் பையைப் பார்த்து ‘சிதையும்’ என்றால் அது முழு உண்மை. ‘மக்கும்’ என்றால் பொய். அதாவது உண்மையையும் பொய்யையும் பிரித்துக் காட்ட வேண்டிய இடத்தில், இரண்டுக்கும் பொருந்துகிற சொல்லை நாம் கலைச்சொல் என்று தலையில் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

‘உயிரிச் சிதைவு என்றுதானே சொல்கிறோம், வெறும் சிதைவு என்றா சொன்னோம்’ என்று அதன் ஆதரவாளர்கள் கேட்பார்கள். சரி, அந்த உயிரியைப் பார்ப்போம். உயிரியால் சிதைவதா, உயிரி சிதைவதா? தொகைச்சொல்லில் வேற்றுமை உருபு மறைந்திருப்பதால் இரண்டாகவும் படிக்கலாம். மூன்றாவதாக ஒரு குழப்பமும் உண்டு, அதுதான் மோசமானது. தாவரத்திலிருந்து செய்த நெகிழிக்கு உயிரி நெகிழி என்று பெயர் வைத்துவிட்டோம். பக்கத்தில் உயிரிச் சிதைவு என்று வந்ததும், தாவரத்திலிருந்து வந்ததால் தானாக மண்ணாகிவிடும் என்று கேட்பவர் முடிச்சுப் போட்டுக்கொள்கிறார். எதிலிருந்து வந்தது என்பதும் எப்படி முடியும் என்பதும் வெவ்வேறு கேள்விகள். கரும்புச் சாராயத்திலிருந்து செய்த பாலித்தீனும் பாலித்தீன்தான், பெட்ரோலியப் பாலித்தீனைப் போலவே மக்காமல் கிடக்கும். மறுபக்கம், பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்தே செய்யும் பிபிஏடி என்ற நெகிழி தக்க சூழலில் மக்கும். இரண்டுக்கும் ஒரே முன்னொட்டைக் கொடுத்தவர்கள் இந்தக் குழப்பத்துக்குப் பொறுப்பேற்க வேண்டும்.

மக்கு என்றால் மந்தபுத்திக்காரனைத் திட்டும் சொல்லாயிற்றே, அதை எப்படி ஆய்வறிக்கையில் எழுதுவது என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. கூச்சமாக இருந்தால் மட்கு என்று எழுதட்டும். எளிய சொல் எழுத்தில் வந்தால் கௌரவம் குறைந்துவிடும் என்ற எண்ணம் மொழிபெயர்ப்பாளர்களைப் பிடித்த நோய். ‘தன்மை கொண்டது’ என்ற வாலும் அதே நோயின் அறிகுறி. மக்கும் என்றாலே முடிந்தது, எதற்கு மக்கும் தன்மை கொண்டது? நீட்டம் மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த வால் பொருளையே மாற்றுகிறது. மக்குதல் ஒரு நிகழ்ச்சி. அதற்கு இடம் வேண்டும், ஈரம் வேண்டும், சூடு வேண்டும், நுண்ணுயிர் வேண்டும், நாள் வேண்டும். ‘தன்மை’ என்றதும் அது கோப்பைக்குள்ளேயே இருக்கும் குணமாகிவிடுகிறது, எங்கே போட்டாலும் கூடவே வரும் என்பதுபோல.

‘மக்கும்’ என்பதிலும் ஒரு வழுக்கல் இருப்பதை மறுக்கவில்லை. ‘உம்’ ஈறு ‘மக்க வல்லது’ என்பதையும் ‘மக்கப்போகிறது’ என்பதையும் ஒரே மூச்சில் சொல்லிவிடும். ஆய்வகத்தில் மக்க வல்ல பொருள், வாங்கியவர் வீட்டில் மக்கப்போகிறது என்ற வாக்குறுதியாகக் காதில் விழும். ஆகவே நான் சொல்வது, மக்கும் என்பதைத் தனியே விடக்கூடாது, ‘எங்கே’, ‘எத்தனை நாளில்’ என்ற இரண்டையும் கூடவே வைக்க வேண்டும். நல்லவேளையாகத் தமிழ் வினை அதற்கு இடம் கொடுக்கிறது. மக்கும் குப்பையைக் குவித்து எருவாக்கும் பெரிய கூடத்தை உரக்கூடம் என்று வைத்துக்கொள்வோம். ‘உரக்கூடத்தில் 6 மாதத்தில் மக்கும்’ என்று இயல்பாகச் சொல்லலாம். ‘உரக்கூடத்தில் 6 மாதத்தில் உயிரிச் சிதைவுறும் தன்மை கொண்டது’ என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு தடுக்கும்.

கம்போஸ்டபிள் என்பதற்கும் இதே ‘மக்கும்’ போட்டுக் கடப்பது அடுத்த தவறு. கம்போஸ்ட் லத்தீன் மூலத்தில் சேர்த்து வைத்தது என்று பொருள்படும். தானாக நடப்பதைவிட, ஒருவர் குவித்து, நனைத்து, கிளறிச் செய்வதை அது குறிக்கிறது. முடிவில் செடிக்குத் தீங்கில்லாத எரு கிடைக்க வேண்டும். எனவே ‘எருவாக மக்கும்’ என்பேன். எருவாக மக்கும் பொதிப்பொருள்களுக்கான ஐரோப்பாவின் இஎன் 13432 தரநிலை கேட்பதும் இதைத்தான். எருவாக்கத்தில் 12 வாரத்துக்குப் பிறகு 2 மில்லிமீட்டர் சல்லடையில் தங்குவது முதல் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 6 மாதத்துக்குள் கரியில் 90 சதவீதம் கரியமில வாயுவாகியிருக்க வேண்டும். கன உலோகங்களுக்கு வரம்பு உண்டு. வந்த எருவில் விதை போட்டு முளைக்கிறதா என்றும் பார்ப்பார்கள். சல்லடைச் சோதனை சிதைவை அளக்கிறது, வாயுச் சோதனை மக்குதலை அளக்கிறது. தரநிலை வகுத்தவர்களுக்கு இரண்டும் வேறு என்று தெரிந்திருக்கிறது.

நான் கண்ட விளம்பர வசனங்களின் சாரத்தை ஒரு காகிதக் கோப்பைக்குப் பொருத்திப் பார்க்கிறேன். “நூறு சதவீதம் இயற்கை. உயிரிச் சிதைவுறும் தன்மை கொண்டது. சூழலின் நண்பன். குடித்துவிட்டுக் கவலையின்றி வீசலாம்.” கோப்பையின் உள்ளே நீர் கசியாமலிருக்க பிஎல்ஏ பூச்சு. சோள மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி, நொதிக்கவைத்து, லாக்டிக் அமிலமாக்கி, அதை நீண்ட சங்கிலியாகக் கோத்துச் செய்வது. இத்தனை தொழிற்சாலைப் படிகளைத் தாண்டிய பொருளுக்கு ‘நூறு சதவீதம் இயற்கை’ பொருந்தாது. அந்தச் சங்கிலியை முதலில் நீர் அறுக்க வேண்டும், பிறகுதான் நுண்ணுயிர் உண்ணும். சுமார் 55 முதல் 60 டிகிரி செல்சியஸ் சூட்டுக்குக் கீழே அந்த அறுப்பு மிக மெதுவாக நடக்கும். பெரிய உரக்கூடங்களில் அந்தச் சூட்டை வாரக்கணக்கில் நிறுத்திவைக்கிறார்கள். வீட்டு எருக்குழியில் அது நிற்பதில்லை. கடலில் வீசினால் பல ஆண்டுகள் கிடக்கும். ஆக ‘வீசலாம்’ என்ற சொல்தான் அந்த வசனத்திலேயே பெரிய கேடு.

‘சூழலின் நண்பன்’ பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. உற்பத்தியாளர் தாமே சொல்லிக்கொள்ளும் சூழல் கூற்றுகளுக்கான ஐஎஸ்ஓ 14021 தரநிலை, 1999-ல் வந்தபோதே, இப்படிப்பட்ட பொத்தாம்பொதுவான சொற்களைப் பயன்படுத்தக்கூடாது என்று எழுதிவிட்டது. அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2012-ல் திருத்திய வழிகாட்டியில், நிபந்தனை சொல்லாமல் ‘மக்கும்’ என்றால், பொருள் வழக்கமாகக் குப்பைக்குப் போகும் இடத்தில் ஓராண்டுக்குள் முழுதும் மக்கியாக வேண்டும் என்கிறது. குப்பைக் கிடங்கில் அது நடக்காது என்பதையும் அதுவே சொல்கிறது.

நான் எழுதினால் வசனம் இப்படி இருக்கும்: “இது காகிதக் கோப்பை. உட்பூச்சு சோள மாவுச்சத்திலிருந்து செய்த பிஎல்ஏ நெகிழி. சூடு காக்கும் உரக்கூடத்தில் எருவாக மக்கும் என்று இஎன் 13432 சோதனையில் முழுக் கோப்பையும் தேறியிருக்கிறது. வீட்டு எருக்குழியில் மக்கும் என்று நாங்கள் சொல்லவில்லை. இதை ஏற்கும் உரக்கூடம் அருகில் இல்லையென்றால் குப்பையில்தான் போட வேண்டும்.” நெகிழி என்ற சொல்லைக் கேட்டதும் விற்பவர் நெளிவார். நெளியட்டும்.

‘முழுக் கோப்பையும்’ என்பதை வேண்டுமென்றே வைத்தேன். பல விற்பனையாளர்கள் கையில் வைத்திருப்பது பூச்சுக்கான மூலப்பொருளின் சான்றிதழ். கோப்பையில் பசை உண்டு, அச்சு மை உண்டு. சான்றிதழில் தடிமன் வரம்பும் இருக்கும், ஏனென்றால் மெல்லிய படலமாக மக்குகிற பொருள் தடித்த மூடியாக வார்த்தால் அதே நாளில் மக்காது. எனவே வசனம் எழுதும் முன் சான்றிதழை வாங்கி, அதிலுள்ள பொருளின் பெயரையும் தடிமனையும் விற்கும் பொருளோடு ஒப்பிட வேண்டும். ஒத்துவரவில்லை, அல்லது சான்றிதழே இல்லை என்றால் ‘மக்கும்’ என்ற பேச்சே வேண்டாம். எதனால் செய்தது என்பதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தலாம்.

இவ்வளவு திருத்தியும் பின்னணியில் கோப்பை மண்ணில் புதைந்து மறுநொடி அதிலிருந்து தளிர் விடுவதாகப் படம் ஓடினால் திருத்தியது வீண். ஐஎஸ்ஓ 14021-இன் கணக்கில் படமும் குறியீடும்கூடக் கூற்றுகள்தான். வசனத்திலிருந்து நாம் எடுத்த ‘எங்கும் மக்கும்’ என்பதை அந்தத் தளிர் திரும்பக் கொண்டுவந்துவிடும். அந்தக் காட்சியை வெட்டிவிட்டு, எருவாக்கக் குவியலில் கோப்பை கிடப்பதையும் வெப்பமானியையும் காட்டச் சொல்லுங்கள்.