கவலைப் பட்டியல் இடர்ப் பதிவேடான கதை: ஒரு கருவாட்டுக் கொட்டகையின் கணக்கு

"மழை. காசு பிந்தும். மேசன். காகம், நாய். சூறாவளி. அக்கா கட்டார் போனா கணக்கு ஆர் பாக்கிறது? தகரம் இல்லை. சபை அனுமதி இன்னும் வரேல்லை. ஆக்களுக்குள்ள சண்டை."

2024 ஆவணியில் குச்சவெளிப் பக்கத்துப் பெண்கள் சங்கம் ஒன்று ஒரு பெரிய தாளில் எழுதிய பட்டியல் இது. கருவாடு காயவைக்கும் கொட்டகை கட்ட அவர்களுக்கு 24 இலட்சம் ரூபா உதவித்தொகை கிடைத்திருந்தது. மூன்று தவணை. செப்டெம்பரில் வேலை தொடங்கி, பெப்ரவரி முதல் வாரத்தில் முதல் மீன் காய வேண்டும். காசு தரும் நிறுவனம் ஒப்பந்தத்தோடு ஓர் இடர்ப் பதிவேட்டையும் இணைப்பாகக் கேட்டிருந்தது. திட்டத்தில் எது பிழைக்கலாம், அதற்கு வாய்ப்பும் தாக்கமும் எவ்வளவு என்று எண் போட்டு, யார் பொறுப்பு, எப்படித் தணிப்பது என்று எழுதும் அட்டவணை அது. அதைத் தயாரிக்க நானும் அவர்களோடு உட்கார்ந்தேன்.

இந்த இணைப்பைப் பெரும்பாலான இடங்களில் எப்படித் தயாரிக்கிறார்கள் என்பது திருகோணமலையில் திட்ட வேலை செய்யும் எல்லோருக்கும் தெரியும். போன வருடத்துக் கோப்பைத் திறந்து பெயரை மாற்றுவார்கள். மீன்பிடித் திட்டம் ஒன்றின் பதிவேட்டில் நூல் விலை ஏறும் இடர் இருந்ததை நானே வாசித்திருக்கிறேன். அது முன்பு நெசவுத் திட்டத்துக்கு எழுதியது. அதைவிட இந்தப் பெண்களின் தாள் எவ்வளவோ மேல். அதில் இருந்தது எல்லாம் உண்மையான பயம். குழம்பிக் கிடந்தது, அவ்வளவுதான்.

எண் போடுவதற்கு முன்னர் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பட்டியலில் உள்ளவற்றில் எது இடர், எது இடரே இல்லை என்று பிரிக்க வேண்டும். பிரதேச சபை அனுமதி ஏற்கெனவே பிந்திவிட்டது. நடந்து முடிந்த ஒன்றுக்கு வாய்ப்பு என்ன என்று கேட்க முடியாது. அது பிரச்சினை. அடுத்த நாளே ஒருவர் போய்ப் பார்க்க வேண்டிய வேலையாக அதை வேறு தாளில் எழுதினோம்.

மழை இன்னும் சுவாரசியமானது. எல்லோரும் முதலில் சொன்னது மழையைத்தான். ஆனால் நவம்பர், டிசம்பரில் எங்கள் கரையில் வாடைக்காற்றும் மழையும் வரும் என்பதில் ஐயமே இல்லை. நிச்சயமாக வருவதை இடர் என்று எழுதிவைத்தால் மனம் ஆறும், திட்டம் மாறாது. மழை வேலை அட்டவணைக்குள் போக வேண்டியது. இடர் எது என்றால், மழைக்கு முன் கூரை ஏறாமல் போவதுதான். அது ஏன் ஏறாமல் போகும்? தகரம் வராததால். தகரம் ஏன் வராது? முதல் தவணைக் காசு பிந்துவதால். இப்படிக் கேட்டுக்கொண்டே போனபோது "மழை", "காசு பிந்தும்", "தகரம் இல்லை" என்ற மூன்று வரிகளும் ஒரே வாக்கியமாகின:

முதல் தவணை செப்டெம்பர் நடுப்பகுதியைத் தாண்டி வந்தால், ஒக்டோபர் நடுப்பகுதிக்குள் கூரை ஏறாது. அதனால் தரைக் கொங்கிறீற்று மழைக்காலம் முழுக்கத் தடைப்பட்டு, பெப்ரவரியில் காயவைக்கும் வேலை தொடங்காது.

காரணம், நிகழ்வு, விளைவு மூன்றும் இந்த வாக்கியத்தில் இருக்கின்றன. ஒற்றைச் சொல்லாக எழுதிய இடருக்குத் தணிப்பு எழுதவே முடியாது. காரணம் தெரிந்தால்தான் நிகழ்வைத் தடுக்க வழி தெரியும். விளைவு தெரிந்தால்தான் அடியைக் குறைக்க வழி தெரியும். இப்படி எழுதி முடித்தபோது பட்டியல் பாதியாகச் சுருங்கிவிட்டது.

அடுத்தது எண். வாய்ப்புக்கு 1 முதல் 5, தாக்கத்துக்கு 1 முதல் 5, இரண்டையும் பெருக்குவது வழக்கமான முறை. "நடுத்தரம்", "அதிகம்" என்ற சொற்களை மட்டும் கொடுத்தால் எல்லோரும் 3 போடுவார்கள். ஆகவே அளவுகோலை அவர்களையே கட்டச் சொன்னேன். தாக்கத்தில் 1 என்றால் ஒரு வாரத்துக்குள் சரிவரும் தாமதம், அல்லது 25 ஆயிரம் ரூபாவுக்குள் நட்டம். 3 என்றால் ஒரு மாதம், அல்லது ஒன்றரை இலட்சம். 5 என்றால் சீசனே போய்விடும், அல்லது உயிருக்கு ஆபத்து. வாய்ப்பில் 5 என்றால் வருடம் தவறாமல் நடப்பது, 3 என்றால் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை, 1 என்றால் ஒரு தலைமுறைக்கு ஒருமுறை. பிறகு வாக்குவாதம் வந்தது. அது நல்லது. ஒருவர் 2 போட்டு இன்னொருவர் 5 போட்டால் சராசரி எடுக்காதீர்கள். 5 போட்டவருக்கு மற்றவர்களுக்குத் தெரியாத ஏதோ தெரிந்திருக்கும், அதைக் கேளுங்கள்.

சூறாவளியில் அப்படித்தான் ஆனது. இளம் பெண்கள் 1 போட்டார்கள். வயதான ஓர் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "அறுபத்தி நாலில வந்தது, ரெண்டாயிரத்தில வந்தது, புரெவி இஞ்சதானே கரைக்கு ஏறினது?" என்றார். 1964, 2000, 2020. ஏறத்தாழ அறுபது வருடத்தில் எங்கள் கரையைத் தொட்ட பெரிய மூன்று. இருபது வருடத்துக்கு ஒன்று என்று வைத்தால், கட்டுமானம் நடக்கும் அந்த ஒரு மாரிக்குள் வருவதற்கு இருபதில் ஒரு பங்கு வாய்ப்பு. 1 போட்டவர்கள் சொன்னது சரி. ஆனால் கொட்டகை 15 வருடம் நிற்க வேண்டுமே. 15 வருடத்தில் ஒருமுறையாவது வரும் வாய்ப்பைக் கணக்கிட்டால் பாதிக்கும் சற்று மேல். அம்மா சொன்னதும் சரி. இரண்டு பேரும் வேறு வேறு காலத்தை மனதில் வைத்துப் பேசியிருக்கிறார்கள். பதிவேட்டின் தலையிலேயே "இந்த எண்கள் எந்தக் காலத்துக்கு" என்று எழுதாவிட்டால் இந்தக் குழப்பம் தீராது. நாங்கள் சூறாவளியை இரண்டு வரியாக்கினோம்: கட்டும் காலத்துக்கு ஒன்று, கட்டிய பிறகு ஒன்று. இரண்டாவது வரியால்தான் வரைபடத்தில் கூரைச் சட்டத்துக்குக் குறுக்குத் தாங்கிகளும், தகரத்துக்கு ஆணிக்குப் பதிலாகக் கொளுக்கி போல்ட்டும் வந்தன. 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி வந்த பிறகு இந்த வாய்ப்பு எண்ணையும் திரும்பப் போட வேண்டும்.

பெருக்கல் எண்ணை மட்டும் நம்பாதீர்கள் என்பதற்கும் இந்த வரியே சாட்சி. கட்டும் காலத்துச் சூறாவளிக்கு வாய்ப்பு 1, தாக்கம் 5. முற்றத்தில் காயும் மீனைக் காகமும் நாயும் இழுப்பதற்கு வாய்ப்பு 5, தாக்கம் 1. இரண்டும் 5. ஒன்றுக்கு வலை கட்டினால் முடிந்தது, மற்றதில் கூரை பறந்து ஆள் சாகலாம். அதனால் தாக்கம் 5 ஆன எந்த வரியும், பெருக்கல் எவ்வளவு சிறிதாக இருந்தாலும், ஒவ்வொரு கூட்டத்திலும் வாசிக்கப்பட வேண்டும் என்று ஒரு விதி வைத்தோம்.

எனக்குத் தெரிந்து பதிவேடுகள் செத்துப்போவது பொறுப்பாளர் நிரலில்தான். முதல் வரைவில் பாதி வரிகளில் "எல்லோரும்" என்று இருந்தது. மீதியில் கணினி தெரிந்த ஒரு தங்கச்சியின் பெயர். தட்டச்சு செய்தவர் அவர், அவ்வளவுதான் காரணம்! மேசன் இடைநடுவில் வேறு வேலைக்குப் போய்விடும் இடருக்கு மேசனையே பொறுப்பாளராகப் போட்டிருந்தார்கள். அந்த இடரால் அவருக்கு ஒரு நட்டமும் இல்லை. ஒரு வரிக்கு ஒரு ஆள், அந்த ஆளுக்கு அதில் முடிவெடுக்கும் அதிகாரம் இருக்க வேண்டும். மேசனுக்குப் பகுதி பகுதியாகக் காசு கொடுப்பவர் பொருளாளர், ஆகவே அந்த வரி அவருடையது. பொறுப்பாளர் எல்லா வேலையையும் தானே செய்ய வேண்டியதில்லை. கூட்டத்தில் கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்.

கட்டார் விடயம் கொஞ்சம் சங்கடமானது. அந்த அக்கா கூட்டத்தில் இருந்தார். "அவவைப் பற்றி எப்பிடி எழுதுறது?" என்று காதுக்குள் கேட்டார்கள். ஆளை எழுத வேண்டாம், அமைப்பை எழுதுவோம் என்றேன். கணக்குப் புத்தகம் ஒருவருக்கு மட்டுமே விளங்குவதாலும், வங்கியில் கையெழுத்திட இருவரே இருப்பதாலும், அவர்களில் ஒருவர் விலகினால் காசு எடுக்க முடியாமல் வேலை நிற்கும். நோய் வந்தாலும் பிரசவம் வந்தாலும் இதே கதிதான். அக்காவே சிரித்துக்கொண்டு "வாய்ப்பு 4 போடுங்கோ, பாஸ்போட் எடுத்திட்டன்" என்றார்.

தணிப்பு நிரலில் "கவனமாக இருத்தல்", "கண்காணித்தல்", "ஒற்றுமையாகச் செயற்படல்" என்று எழுதினால் தாள்தான் வீண். அதைச் செய்தால் இரண்டு எண்களில் எது, எத்தனைக்குக் குறையும் என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராவிட்டால் அது தணிப்பு அல்ல. அக்கா போவதைத் தடுக்க சங்கத்துக்கு உரிமையும் இல்லை, தேவையும் இல்லை. வாய்ப்பு 4 ஆகவே இருக்கட்டும், தாக்கத்தைத்தான் இறக்க முடியும். மூன்று வரிகள் கடைசியில் இப்படி நின்றன:

| இடர் | வாய்ப்பு × தாக்கம் | பொறுப்பாளர் | தணிப்பு | தணித்த பின் |
|---|---|---|---|---|
| முதல் தவணை பிந்தி, மழைக்கு முன் கூரை ஏறாமை | 4 × 4 = 16 | செயலாளர் | ஆவணி 20க்குள் வங்கிப் பத்திரங்களை ஒப்படைத்தல்; சேமிப்பிலிருந்து 1 இலட்சம் முற்பணம் கட்டித் தகரம் பிடித்தல்; தூணும் கூரையும் முதலில், தரை பிறகு | 3 × 2 = 6 |
| கணக்கும் கையெழுத்தும் ஒருவரில் தங்கியிருத்தல் | 4 × 4 = 16 | தலைவி | செப்டெம்பருக்குள் மூன்றாவது கையெழுத்தாளர்; வாராவாரம் இருவர் சேர்ந்து கணக்கு எழுதுதல் | 4 × 1 = 4 |
| மேசன் இடைநடுவில் விலகல் | 3 × 3 = 9 | பொருளாளர் | வேலை முடிந்த பகுதிக்கு மட்டும் கொடுப்பனவு; இரண்டாவது மேசனிடம் முன்கூட்டியே பேசி வைத்தல் | 2 × 2 = 4 |

முதல் வரியில் "தூணும் கூரையும் முதலில்" என்பதைக் கவனியுங்கள். காசு பிந்துவதைச் சங்கத்தால் முழுக்கத் தடுக்க முடியாது. ஆனால் வேலையின் ஒழுங்கை மாற்றிவிட்டால், கூரைக்குக் கீழே மழையிலும் தரை போடலாம். அந்த யோசனை என்னுடையதல்ல. விளைவை வாக்கியமாக வாசித்தபோது, பின்வரிசையில் இருந்த ஒருவர் "அப்ப தரையை ஏன் முதல் போடுறம்?" என்று கேட்டார்.

காசு உண்மையில் பிந்தித்தான் வந்தது. முற்பணம் கட்டியிருந்த தகரம் கடையில் இருந்தது, கூரை மழைக்கு முன் ஏறியது. ஆனால் ஒரு இலட்சம் சேமிப்பிலிருந்து போனதால் இரண்டு பேருக்குக் கடன் கொடுக்க முடியாமல் போய்ச் சங்கத்துக்குள் மனக்கசப்பு வந்தது. தணிப்பே புதிய இடரைப் பெற்றெடுக்கும். அதையும் அடுத்த கூட்டத்தில் புதிய வரியாக எழுதினோம், பொறுப்பாளர் தலைவி.

மாதக் கூட்டத்தில் இதற்குப் பத்து நிமிடம் போதும். மேலே உள்ள நான்கைந்து வரிகளையும் தாக்கம் 5 ஆன வரிகளையும் மட்டும் வாசியுங்கள், பொறுப்பாளரிடம் என்ன நடந்தது என்று கேளுங்கள், எண் மாறினால் திகதியோடு மாற்றுங்கள். முடிந்த வரியை அழிக்காமல் கோடு மட்டும் போடுங்கள். மூன்று மாதமாக ஓர் எண்ணும் மாறாத பதிவேட்டை யாரும் திறந்து பார்க்கவில்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன்.