மெய்நிகர் அச்சுப்பொறி

கணினியில் Ctrl+P அழுத்தினால் அச்சுப்பொறிகளின் பெயர்கள் வரும். வீட்டில் பிரிண்டரே இல்லாத போதும் அங்கே Microsoft Print to PDF என்ற பெயர் இருக்கும். விண்டோஸ் 10 வெளிவந்த 2015 முதல் இது கணினியோடு கூடவே வருகிறது. தாளும் மையும் இல்லாமல், அச்சாக வேண்டிய பக்கத்தைக் கோப்பாகச் சேமித்துத் தரும் இந்த மென்பொருளைத்தான் மெய்நிகர் அச்சுப்பொறி என்கிறோம்.

ஆங்கிலத்தில் இதை 'வேர்ச்சுவல் பிரிண்டர்' என்பார்கள். வேர்ச்சுவல் என்பதன் வேர் ஆற்றலையும் சிறப்பையும் குறித்த 'விர்த்தூஸ்' என்ற இலத்தீன் சொல். உருவில் இல்லாவிட்டாலும் பயனில் அதுவாகவே இருப்பது என்ற பொருள் அதிலிருந்து வளர்ந்தது. தமிழில் மெய் என்றால் உண்மை, உடல் என இரண்டும்தான். நிகர் என்றால் ஒப்பு. உடல் இல்லாமலே உடலுள்ள பொறிக்கு ஒப்பாக வேலை செய்வதால் 'மெய்நிகர்' இங்கே சரியாகப் பொருந்துகிறது. 'மாய அச்சுப்பொறி' என்றும் சொல்லலாம்தான். ஆனால் மாயம் என்றால் இருப்பதுபோல் காட்டி ஏமாற்றுவது. இங்கே ஏமாற்று ஏதும் இல்லை, கையில் ஒரு கோப்பு மிஞ்சுகிறது.

வேர்ட் போன்ற ஒரு செயலிக்கு இது பொறியா மென்பொருளா என்று தெரியாது. எந்தப் பிரிண்டருக்கும் அனுப்புவதுபோலவே பக்கத்தை வரைந்து, பிரிண்டரோடு பேசும் மென்பொருளான இயக்கிக்கு அனுப்புகிறது. உண்மையான பிரிண்டர் என்றால் அந்தத் தரவு யூஎஸ்பி போன்ற ஒரு வழியே போகும். இதற்கு PORTPROMPT: என்று ஒரு வாயில் இருக்கிறது; அது 'எங்கே வைக்கட்டும்?' என்று கேட்கும். அதனால்தான் Print அழுத்தியதும் கோப்பின் பெயர் கேட்டு ஒரு சாளரம் திறக்கிறது. சில வேளை அது வேர்ட் சாளரத்துக்குப் பின்னால் மறைந்து நிற்கும். எதுவும் நடக்கவில்லை என்று நினைத்து மீண்டும் மீண்டும் அழுத்தாமல், அடியிலுள்ள பட்டியில் பாருங்கள்.

மலையகத்தில் இதன் பயன் நன்றாகத் தெரிவது பாமினி எழுத்துருவில் அடித்த கடிதத்தில். தோட்டத்து வீட்டில் ஒருவர் வேலைக்கான விண்ணப்பக் கடிதத்தை பாமினியில் அடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வேர்ட் கோப்பை அப்படியே பென் டிரைவில் போட்டு, ஹட்டன் டவுனில் ஒரு கொமியூனிகேஷன் கடைக்குக் கொண்டு போகிறார். அந்தக் கணினியில் பாமினி இல்லையென்றால் 'அம்மா' என்று அடித்த இடத்தில் mk;kh என்று தெரியும். பாமினியில் உண்மையில் சேமிக்கப்படுவது அந்த ஆங்கில எழுத்துகள்தான்; தமிழ் உருவத்தைத் தருவது எழுத்துரு. அதே கடிதத்தை வீட்டிலேயே பீடிஎப் ஆக்கினால், பயன்பட்ட எழுத்துகளின் உருவங்கள் கோப்புக்குள்ளேயே பதிந்துவிடும். கடைக்காரரிடம் பாமினி இருக்கத் தேவையில்லை.

பதிந்ததா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். அடோபி ரீடரில் கோப்பைத் திறந்து Ctrl+D அழுத்தி, Fonts பகுதிக்குப் போங்கள். எழுத்துருவின் பெயருக்குப் பக்கத்தில் Embedded Subset என்று இருந்தால் நிம்மதியாகப் புறப்படலாம்.

இதற்கு ஓர் எல்லை உண்டு. உருவம் பதிகிறதே தவிர, பாமினி யுனிகோட் ஆவதில்லை. அந்தப் பீடிஎப்பிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து மின்னஞ்சலில் ஒட்டினால் மறுபடியும் mk;kh தான் வரும்; தேடினாலும் சொல் கிடைக்காது. கடிதத்திலுள்ள இணைய முகவரிகளும் இந்த வழியில் சொடுக்க முடியாத வெறும் எழுத்தாகிவிடலாம். இணைப்புகள் வேண்டுமென்றால் வேர்டிலேயே Save As போய் PDF தேர்ந்து சேமியுங்கள். தாளில் எடுக்க மட்டும் என்றால் இரண்டு வழியும் ஒன்றே.

அதே Ctrl+D சாளரத்தின் Description பகுதியில் தாளின் அளவையும் பாருங்கள். 8.27 × 11.69 என்று அங்குலத்தில் இருந்தால் அது ஏ4, நம் நாட்டுத் தாள். 8.50 × 11.00 என்றால் அமெரிக்க லெட்டர் அளவு. அது ஏ4ஐ விட 6 மில்லிமீட்டர் அகலம் கூடியது, 18 மில்லிமீட்டர் உயரம் குறைந்தது. கடையில் அதை ஏ4 தாளில் எடுக்கும்போது எழுத்து சற்றுச் சுருங்கலாம், அல்லது ஓரம் வெட்டுப்படலாம். வேர்டில் Layout, பிறகு Size என்று போய் A4 தேர்ந்து, புதிதாக ஒரு பீடிஎப் எடுப்பதே சரி. கடையில் Actual size என்று எடுக்கச் சொல்லுங்கள்.

ஆண்ட்ராய்டு கைபேசியிலும் இதே வசதி Print பட்டியலில் Save as PDF என்ற பெயரில் இருக்கிறது. பெயரில் பிரிண்டர் என்ற சொல் இல்லாவிட்டாலும் அதுவும் மெய்நிகர் அச்சுப்பொறிதான். தமிழில் இரண்டையும் அந்த ஒரே சொல்லால் குறிக்கலாம். செய்யும் செயலைச் சொல்ல 'பீடிஎப் ஆக அச்சிடு' என்பது போதும்.