'பின்னல் நீக்கம்' வேண்டாம், 'விட்ட வரி நிரப்பல்' போதும்: டீஇன்டர்லேசிங் பத்தி ஒரு சொல் விளக்கம்

நண்பர் ஒருத்தர் பழைய பிளேஸ்டேஷன் 1-அ ஒரு மலிவான கன்வர்ட்டர் பெட்டி வழியா புது டிவியில மாட்டிட்டு எனக்கு போட்டோ அனுப்பினார். ஹீரோ அடி வாங்கினதும் கொஞ்ச நேரம் மின்னுவான்ல, அந்த நேரத்துல ஆள் முழுசா இல்லாம சீப்பு பல்லு மாதிரி கோடு கோடா நிக்கிறான். கூடவே ஒரு கேள்வி, "பின்னல் நீக்கம் ஆன்லதான் இருக்கு, ஆனா பின்னல் போகமாட்டேங்குதே, இன்னும் நல்ல பின்னல் நீக்கம் இருக்கிற ஸ்கேலர் எது?" இந்த 'பின்னல் நீக்கம்' எத்தன தடவதான் கண்ணுல படுறது, இனிமேயும் பேசாம இருக்க முடியாதுன்னுதான் எழுதுறேன், ஏன்னா அவர் படத்த கெடுத்ததே அந்த வேலைதான், அத இன்னும் அதிகமா கேக்க வச்சது இந்தச் சொல்லு.

டீஇன்டர்லேசிங்குக்குத்தான் இப்படி எழுதுறாங்க, அதோட வேர்ச்சொல்ல சட்டுனு பாத்துரலாம். இன்டர்னா லத்தீன்ல நடுவுல. லேஸ் வந்தது பழைய பிரெஞ்சு வழியா, அதுக்கும் மூலம் லத்தீன்ல சுருக்குக் கயிறுன்னு பொருள் தர்ற ஒரு சொல்லு. ரெண்டும் சேந்தா ஒன்னுக்குள்ள ஒன்னு கோக்கிறது. முன்னால டீ போட்டா அதப் பிரிக்கிறது. இங்க்லீஷ் அகராதிய தொறந்து லேஸ் = பின்னல், டீ = நீக்கம்னு ஒட்டினதுதான் 'பின்னல் நீக்கம்'. அகராதிய பாத்தாங்க, டிவிய பாக்கல.

டிவியில நடக்கிறது இதுதான். அமெரிக்க, ஜப்பான் முறையில ஒரு முழுப் படத்துக்கு 525 வரி, அத ஒரே மூச்சுல அனுப்பாம ரெண்டா பிரிச்சு அனுப்புறாங்க, முதல்ல ஒத்தப்படை வரிகள், அப்புறம் ரெட்டைப்படை வரிகள், செகண்டுக்கு கிட்டத்தட்ட 60 தடவ. ஒவ்வொரு தடவயும் 262.5 வரி. அந்த அரை வரிதான் சூட்சுமம், அதனாலதான் ரெண்டாவது தடவ வர்ற வரிகள் முதல் தடவ விட்ட இடத்துல போய் உக்காருது. எங்கயும் எதுவும் பின்னல, வரிய ஒன்னு விட்டு ஒன்னு வரையிறாங்க, அவ்ளோதான். ஜெர்மன்காரங்க இந்த லேஸ் பக்கமே போகல, அவங்க சொல்லு ட்ஸைலென்ஷ்ப்ருங், அதாவது வரித்தாவல். ஒரு தடவ வர்ற பாதிக்கு ஹால்ப்பில்ட், அப்படியே அரைப்படம். இங்க்லீஷ்ல அதுக்கு ஃபீல்டு, நம்மாளுங்க அதையும் அகராதிய பாத்து 'புலம்'னு எழுதுறாங்க, பௌதிகப் புத்தகத்துல காந்தப் புலம்னு படிச்சவனுக்கு இதுல என்ன புரியும்? அரைப்படம்னா குழந்தைக்கும் புரியும்.

இப்ப டீஇன்டர்லேசிங். புது டிவியால ஒரு வரி விட்டு ஒரு வரி காட்ட முடியாது, எல்லா வரியும் ஒன்னா வேணும், கையில இருக்கிறதோ பாதிதான். அதனால விட்ட வரிகள எங்கிருந்தாவது கொண்டுவந்து நிரப்பணும். இதுல எத நீக்குறாங்க? ஒரு வரியக் கூட நீக்கல, சேக்குறாங்க! நான் சொல்றது 'விட்ட வரி நிரப்பல்'. ஸ்கேலர் மெனுவ இதோட தொறந்து பாருங்க, எல்லாம் தானா அதது இடத்துல உக்காரும். பாப்னு ஒன்னு இருக்கும், அது இதே அரைப்படத்து வரிகள வச்சே நிரப்புறது. வீவ்னா போன அரைப்படத்து வரிய எடுத்து இதுல நிரப்புறது. மோஷன் அடாப்டிவ்னா அசையாத இடத்துல வீவ், அசையிற இடத்துல பாப்.

வீவ்ங்கிற இங்க்லீஷ் சொல்லுக்கே நெய்றது, பின்னுறதுன்னுதான் பொருள். அப்போ மெனுவ தமிழ்ப்படுத்துறவர் என்ன எழுதுவார்? 'பின்னல் நீக்கம்: பின்னல்'னா? இந்த ஒரு இடத்துலயே அந்தச் சொல்லு விழுந்துருது. 'நீக்கம்' இன்னொரு கெடுதலும் பண்ணுது. இரைச்சல் நீக்கம், கறை நீக்கம் மாதிரி இதுவும் ஏதோ அழுக்கு எடுக்கிற வேலை, ஆன்ல இருந்தா நல்லதுன்னு நினைக்க வைக்குது.

நண்பருக்கு நடந்தது அதேதான். பிளேஸ்டேஷன் 1-ல ஆட்டம் பெரும்பாலும் 240p. அதுல கன்சோல் அந்த அரை வரி இல்லாம முழு எண்ணிக்கையில வரி அனுப்பும், அதனால ஒவ்வொரு தடவயும் வரிகள் அதே இடத்துலதான் விழும், அதுல காட்சிக்கு ஆகுறது 240. அதுதான் முழுப்படம், அதுல விட்ட வரின்னே ஒன்னு கிடையாது. நிறைய பெட்டிகளும் டிவிகளும் இத 480i-ன்னு, அதாவது ரெண்டு அரைப்படமா வர்ற படம்னு தப்பா எடுத்துக்கிட்டு, அடுத்தடுத்த ரெண்டு தனிப் படத்த ஒரே படத்தோட ரெண்டு பாதின்னு நினைச்சு கோத்துருது. மின்னுற ஹீரோ ஒரு படத்துல இருப்பான், அடுத்ததுல இருக்கமாட்டான், ரெண்டையும் கோத்தா ஒரு வரியில ஆள், அடுத்த வரியில வெறும் தரை. அந்த சீப்பு பல்லு இதுதான். நிரப்ப வேண்டாத இடத்துல நிரப்பினதோட விளைவு.

உங்க பெட்டி இந்தத் தப்பப் பண்ணுதான்னு பாக்க 240p Test Suite-ங்கிற சோதனை மென்பொருள்ல நிழல் சோதனை இருக்கு, Drop Shadow Test-னு வரும். அதுல நிழல ஒரு படம் விட்டு ஒரு படம்தான் வரைவாங்க. சரியான பெட்டியில நிழல் வேகமா மின்னும். கோடு கோடா நின்னாலோ சுத்தமா காணாம போனாலோ அது 240p-ய அரைப்படமா எடுத்துக்குதுன்னு அர்த்தம்.

ஓஎஸ்எஸ்சி, ரெட்ரோடிங்க் மாதிரி பெட்டிகளுக்கு இந்த வித்தியாசம் தெரியும், 240p வந்தா வரிய அப்படியே பெருக்கும். நண்பர் மாத்தினதும் ஹீரோ ஒழுங்கா மின்னினான். ஆனா அவர் வச்சிருக்கிற பிளேஸ்டேஷன் 2-ல முக்காவாசி ஆட்டம் 480i, அங்க விட்ட வரி நிஜமாவே இருக்கு, நிரப்பித்தான் ஆகணும். ஓஎஸ்எஸ்சி-ல இருக்கிறது பாப், தாமதம் இல்லேன்னே சொல்லலாம், ஆனா மெனு எழுத்தும் படுக்கைக் கோடும் மேலயும் கீழயும் நடுங்கும். மோஷன் அடாப்டிவ்ல அந்த நடுக்கம் அடங்கிரும். அது போன அரைப்படங்கள மட்டும் பாத்து முடிவெடுத்தா பெரிய தாமதம் வராது, அடுத்தது வரட்டும்னு காத்திருந்தா ஒரு அரைப்படம் போயிரும், அது 16.7 மில்லிசெகண்ட்.

தாமதம்னு சொல்லும்போதே இன்னொன்னு. லேக்-க்கு 'உள்ளீட்டுப் பின்னடைவு'ன்னு எழுதுறாங்க. பின்னடைவுன்னா தேர்தல்ல ஒரு கட்சிக்கு வர்றது. பட்டன அமுக்கினதும் படம் லேட்டா வந்தா அது தாமதம், ரெண்டாயிரம் வருஷமா நம்மகிட்ட இல்லாத விஷயமா அது?

கோடு சுத்தமா வேணும்னா வரிய முழு எண்ணால பெருக்கணும், இதுக்கு யாரும் புதுச் சொல்லு கண்டுபிடிக்க வேணாம், 'முழு மடங்கு' போதும். 1080 வரி டிவியில 240-அ நிரப்பணும்னா 4.5 மடங்கு வரும், அப்போ ஒரு வரி தடிமனா ஒரு வரி மெலிசா தெரியும், படம் மேல நகரும்போது அலையலையா ஓடும். 4 மடங்குன்னா 960, மேலயும் கீழயும் கொஞ்சம் கருப்பு. நிறைய ஆட்டம் 224 வரியிலதான் படம் வரையும், அதுக்கு 5 மடங்கு வச்சா 1120, ஆட்டத்தோட 224 வரியில மேல 4 வரி கீழ 4 வரி வெட்டுப்படும், அவ்ளோதான் நஷ்டம். நண்பர் இப்ப அந்த 5 மடங்குலதான் ஆடுறார், 4K டிவி வாங்கினா 240-க்கு சரியா 9 மடங்கு வரும்னு கணக்குப் போட்டு வச்சிருக்கார்.