தப்பட்டைக்கு நெஞ்சு அடைக்கிறது, சோகப் பாட்டு தேற்றுகிறது: ஏன் இப்படி?

எந்தப் பாட்டைக் கேட்டால் டென்ஷன் குறையும் என்று வாரத்துக்கு ஒருவராவது கேட்டுவிடுகிறார்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு பட்டியலையும் காட்டுவார்கள், தூக்கத்துக்கு இந்த ராகம், கோபத்துக்கு அந்த ராகம், ரத்த அழுத்தத்துக்கு இன்னொன்று என்று. மாத்திரைக்குள் மருந்து இருக்கிற மாதிரி மெட்டுக்குள் உணர்ச்சி இருக்கிறது, விழுங்கினால் போதும் என்ற நினைப்புதான் அந்தப் பட்டியலுக்கு அடிப்படை. இசை எப்படி உணர்ச்சியைக் கிளப்புகிறது என்பதில் ஆய்வாளர்களே ஒரே கட்சியில் இல்லை. முக்கியமாக மூன்று விளக்கங்கள் இருக்கின்றன. எது பொருந்துகிறது என்பதைப் பொறுத்து, என்னிடம் வருகிறவருக்கு நான் செய்ய வேண்டியதும் அடியோடு மாறும்.

ஒருவரை வைத்துச் சொன்னால் புரியும். ஈரோட்டில் உளவியல் ஆலோசனைக்கு என்னிடம் வந்த சிலரின் கதைகளைக் கலந்து, அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் எழுதுகிறேன். அவர் பெருந்துறைப் பக்கத்துக்காரர், ஐம்பதை நெருங்குகிறார், திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. அண்ணன் இறந்து ஒரு வருஷம் ஆகவில்லை. பங்குனியில் ஊர் மாரியம்மன் கோயிலில் கம்பம் நட்டு, தப்பட்டை அடிக்கு அதைச் சுற்றி ஆட்டம் தொடங்குகிற இரவு, அவருக்கு நெஞ்சு அடைத்து, கை வியர்த்து, கூட்டத்தை விட்டு வெளியே வந்துவிட்டார். ஆத்தா காத்துக்கருப்பு என்று சொல்லிக் கயிறு மந்திரித்துக் கட்டினார், மச்சான் ஈசிஜி எடுக்க வைத்தார், அதில் ஒன்றுமில்லை. அவருக்கே புரியாத இன்னொரு விஷயமும் இருந்தது. ராத்திரி மொட்டை மாடியில் பழைய சோகப் பாட்டுகளைப் போட்டு அழுவார், அழுது முடித்தால் மனசு லேசாகிவிடுமாம். "துள்ளாட்டம் போட வைக்கிற அடி என்னைக் கலக்குதுங்க, அழ வைக்கிற பாட்டு தேத்துதுங்க மேடம், எனக்கு மூளைல ஏதாவது கோளாறுங்களா?" என்று கேட்டார்.

மூளையில் கோளாறு இல்லை. ஆனால் முதல் விளக்கத்தை மட்டும் நம்புகிற யாருக்கும் இது கோளாறாகத்தான் தெரியும்.

அந்த முதல் விளக்கம், உணர்ச்சி தொற்றிக்கொள்வது. சோகமாக இருக்கிற மனிதர் மெதுவாக, தணிந்த குரலில், மேலே ஏறாமல் பேசுவார். கோபக்காரர் வேகமாகவும் உரக்கவும் பேசுவார். இசையிலும் அதே அடையாளங்கள் இருக்கின்றன. ஸ்வீடனைச் சேர்ந்த பேட்ரிக் ஜஸ்லினும் பெட்ரி லௌக்காவும் 2003-இல் பேச்சுக் குரல் பற்றிய ஆய்வுகளையும் இசை வாசிப்பு பற்றிய ஆய்வுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இரண்டிலும் உணர்ச்சியைக் காட்டும் வழிகள் பெருமளவு ஒத்துப்போவதைக் காட்டினார்கள். நம் மூளை வயலினையும் நாயனத்தையும் ஒரு குரலாக எடுத்துக்கொண்டு, எதிரே அழுகிறவரைப் பார்த்தால் நமக்கும் தொண்டை அடைப்பது போல, உள்ளுக்குள் அதையே செய்து பார்க்கிறது என்பது இவர்கள் கட்சி. மேற்கத்திய இசையை அதுவரை கேட்டிராத கேமரூன் நாட்டு மாஃபா மக்கள்கூட அதில் மகிழ்ச்சி, சோகம், அச்சம் மூன்றையும் குருட்டாம்போக்கைவிட அதிகமாகவே சரியாகச் சொன்னார்கள் என்று 2009-இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது.

ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதில் ஒரு ஓட்டை. பாட்டில் இருக்கிற உணர்ச்சியைக் கண்டுகொள்வது வேறு, அந்த உணர்ச்சி நமக்கே வருவது வேறு. மாஃபா ஆய்வு காட்டுவது முதலாவதைத்தான். அதனால் யாரிடமும் நான் இரண்டு கேள்வியாகப் பிரித்துத்தான் கேட்பேன்: பாட்டு சோகமா, நீங்கள் சோகமா? இவர் சொன்ன பதில்: மாடியில் கேட்கிற பாட்டு சோகம், ஆனால் எனக்கு ஆறுதல், கம்பத்து அடி குஷி, ஆனால் எனக்குப் பயம். தொற்று மட்டும்தான் வேலை செய்கிறது என்றால் இரண்டுமே தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்.

இரண்டாவது, எதிர்பார்ப்பு. 1956-இல் லெனர்ட் மேயர் என்ற அமெரிக்க இசை அறிஞர் ஒரு புத்தகத்தில் முன்வைத்த யோசனை இது. அடுத்து என்ன வரும் என்று காது எப்போதும் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறது, அந்தக் கணக்கு தள்ளிப்போகும்போது அல்லது பொய்க்கும்போதுதான் உணர்ச்சி பிறக்கிறது. கல்யாண மண்டபத்தில் தவில்காரர் தீர்மானம் வைப்பதைக் கவனியுங்கள். ஒரே கோர்வை மூன்று முறை வரும், மூன்றாவது முறை தாளச் சுற்றின் முதல் அடியான சமத்தில் வந்து விழுவதற்கு முன்னாலேயே தாளம் தெரியாதவர் தலைகூட ஆடத் தயாராகிவிடும், விழுந்ததும் ஒரு நிம்மதி. மயிர்க்கூச்செறிய வைக்கும் பாட்டுகளை ஆட்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லி 2011-இல் மூளையைப் படம் பிடித்த ஓர் ஆய்வில், உச்சத்துக்கு முந்தைய காத்திருப்பின்போதே மூளையின் ஒரு பகுதியில், சுகத்தோடு தொடர்புள்ள டோபமைன் என்ற ரசாயனம் சுரப்பதும், உச்சத்தின்போது வேறொரு பகுதியில் சுரப்பதும் தெரிந்தது. ஆக, காத்திருப்பதிலேயே ஒரு சுகம் இருக்கிறது.

இந்த விளக்கத்தின் பலவீனம், எவ்வளவு இறுக்கம், எவ்வளவு தளர்வு என்பதை நன்றாகச் சொல்லும், அது துக்கமா ஏக்கமா என்பதைச் சொல்லத் திணறும். இசை ஆய்வாளர் டேவிட் ஹியூரன் 2006-இல் இதை விரித்து எழுதியபோது ஒன்று சேர்த்தார். வரப்போவதை நினைத்துப் பார்ப்பது, அது நெருங்கும்போது உடம்பு இறுகுவது, கணிப்பு பலித்ததா என்று பார்ப்பது, சட்டென்று வருகிற அனிச்சை, அப்புறம் நிதானமாக எடைபோடுவது என்று ஐந்து கட்டம். அந்தக் கடைசிக் கட்டம் மூன்றாவது விளக்கத்துக்குள் கால் வைக்கிறது.

மூன்றாவது, மதிப்பீடு. ரிச்சர்ட் லாசரஸ் போன்ற உளவியலாளர்கள் உணர்ச்சியைப் பற்றிப் பொதுவாகச் சொன்னது இது. நடந்தது எனக்கு நல்லதா கெட்டதா, நான் இதைத் தாங்குவேனா என்று மனம் போடும் எடையிலிருந்துதான் உணர்ச்சி வருகிறது, பல நேரம் நமக்கே தெரியாமல். இதை இசைக்கு இழுக்கும்போது ஒரு நியாயமான எதிர்ப்பு வரும்: ஒரு மெட்டால் எனக்கு என்ன லாபம், என்ன நஷ்டம்? தத்துவவாதி பீட்டர் கிவி அதனாலேயே, பாட்டில் சோகத்தை நாம் அடையாளம் காண்கிறோமே தவிர அது நம்மைச் சோகமாக்குவதில்லை, நெகிழ்வது அதன் அழகுக்கு என்று வாதாடினார். ஜஸ்லினும் டேனியல் வெஸ்ட்ஃபியலும் 2008-இல், இசையில் மதிப்பீட்டுக்கு வேலை குறைவு, தொற்று, எதிர்பார்ப்பு, பழகிப்போன தொடர்பு, நினைவு என்று பல பாதைகள் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன என்றார்கள். எனக்கு இந்தப் பல பாதைக் கணக்குதான் பிடித்திருக்கிறது. ஆனால் மதிப்பீட்டை அவர்கள் அளவுக்கு ஒதுக்க எனக்கு மனமில்லை.

ஏன் என்று சொல்கிறேன். அவரோடு உட்கார்ந்து ஒவ்வொரு ஒலியாகப் போட்டுப் பார்த்தோம், ஒவ்வொன்றுக்கும் கலக்கம் பத்துக்கு எத்தனை என்று அவர் சொல்ல வேண்டும். தவில் பதிவு, கிட்டத்தட்ட கம்பத்து அடியின் வேகத்தில், நல்ல சத்தமாக: 1. அப்படியானால் சத்தமோ வேகமோ காரணமில்லை. வேறு மாவட்டத்துப் பறை, அவருக்குப் பழக்கமில்லாத அடி: 3. ஊர்க் கம்பத்து அடி, முழு வேகத்தில்: 4. எதிர்பார்த்த அளவுக்கு ஏறவேயில்லை. எங்கே அடைத்தது என்று அந்த இரவை நிமிஷம் நிமிஷமாகப் பிரித்துக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. "ஆட்டம் ஆரம்பிக்கவே இல்லீங்க மேடம். வைக்கோலைக் கொளுத்தித் தப்பட்டையைக் காய்ச்சி, ஒண்ணு ரெண்டு தட்டிப் பார்ப்பாங்களே, அப்பவே நெஞ்சைப் பிடிச்சுக்குச்சுங்க."

அண்ணன் இறந்த அன்று வீட்டிலிருந்து வந்த போன், நம்மூர் வழக்கப்படி, "கொஞ்சம் சீரியஸ், உடனே கிளம்பி வா" என்றுதான் சொன்னதாம். பஸ்ஸை விட்டு இறங்கித் தெருமுனை திரும்பும்போது காதில் விழுந்தது அந்த ஒற்றைத் தட்டல். யாரும் வாய் திறந்து சொல்வதற்கு முன்னால் செய்தியைச் சொன்னது அதுதான். தட்டலை மட்டும் ஒரு பதிவிலிருந்து வெட்டி, மெல்லிய சத்தத்தில் போட்டோம்: 8.

இப்போது மூன்றையும் பொருத்திப் பாருங்கள். தாளமும் மெட்டும் இல்லாத அந்தத் தட்டலில் தொற்றுவதற்கு எந்த உணர்ச்சியும் இல்லை. எதிர்பார்ப்பு இருக்கிறது, ஆனால் மேயர் சொன்ன இசைக்குள்ளான எதிர்பார்ப்பு இல்லை. தட்டலுக்கு அடுத்து வரப்போவது பாடை என்று உடம்பு போடும் கணக்கு. ஹியூரன் சொன்ன இறுக்கம் அப்படியே தெரிகிறது. அதற்கு அடியில் ஒரு மதிப்பீடும் இருந்தது: நான் தாமதமாக வந்தேன், கடைசியாக ஒரு வார்த்தை பேசவில்லை.

அதனால் "மெல்லிசை கேளுங்க, சரியாப் போயிடும்" என்று அனுப்பியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அந்தத் தட்டலையே மெல்லிய சத்தத்தில் திரும்பத் திரும்பக் கேட்க வைத்தேன். அதில் ஒரே ஒரு கறாரான விதி, கலக்கம் உச்சத்தில் இருக்கும்போது போனை அணைக்கக் கூடாது. அணைத்தால் கிடைக்கிற நிம்மதி, ஓடினால்தான் பிழைப்போம் என்று உடம்புக்குப் பாடம் சொல்லிவிடும். எண்ணிக்கை பாதியாவது இறங்கிய பிறகு நிறுத்தலாம். சத்தத்தைக் கூட்டி, அப்புறம் பக்கத்து ஊர்க் கோயிலில் தப்பட்டை காய்ச்சுகிற இடத்துக்கே மச்சானோடு போய் நின்றார். தட்டலுக்குப் பிறகு பாடை வரவில்லை, ஆட்டம்தான் வந்தது என்பதை உடம்பு பலமுறை பார்க்க வேண்டும். தாமதம் பற்றிய குற்ற உணர்வுக்கு இது போதாது, அதைத் தனியாகப் பேசித்தான் கரைக்க வேண்டியிருந்தது.

பழைய கணக்கு அழிந்துவிடாது, பக்கத்தில் புதுக் கணக்கு ஒன்று சேரும், அவ்வளவுதான். நடுவில் சொந்தத்தில் ஒரு சாவு விழுந்தபோது எண்ணிக்கை மறுபடி 6-க்குப் போனது. அப்படி ஆகும் என்று முன்னாலேயே சொல்லி வைத்திருந்ததால் அவர் பயப்படவில்லை, சில நாளில் இறங்கிவிட்டது.

மாடிப் பாட்டை நிறுத்தச் சொன்னார்களாம் வீட்டில். நான் நிறுத்தச் சொல்லவில்லை. அங்கே பாட்டின் சோகம் கொஞ்சம் தொற்றுகிறது, ஆனால் அவர் போடும் எடை வேறு: இது பாட்டு, எனக்கு ஆபத்து ஒன்றுமில்லை, என் துக்கத்தை யாரோ சொல்கிறார்கள். ஒன்றை மட்டும் கவனிக்கச் சொன்னேன். பாட்டு முடிந்து அரைமணி நேரம் கழித்து மனம் எங்கே இருக்கிறது? லேசாகிச் சாப்பிடவோ தூங்கவோ போனால் நல்லது. அதே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டு, "நான் ஏன் முன்னாடியே போகலை" என்ற ஒரே நினைப்பில் சுற்றினால், தூக்கமும் கெட்டால், பட்டியலில் வேறு ராகம் தேடுவதில் பயனில்லை, மாடியை விட்டு இறங்கி யாரிடமாவது பேச வேண்டும், நாள்கணக்கில் அப்படியே நீடித்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். அவர் இப்போதும் அந்தப் பாட்டுகளைக் கேட்கிறார், ஆனால் தனியாக இல்லை, அண்ணன் மகனையும் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்கிறார்.