தூள் ஒட்டியதும் கருவுற்றுவிடாது

நேற்று திருத்திய பயிற்சித்தாளில் மறுபடியும் அதே தவறு. மகரந்தப்பை வெடித்தல், கருவுறுதல், மகரந்தச்சேர்க்கை, குழாய் வளர்தல், விதை உருவாதல் என்று ஒரு மாணவன் வரிசைப்படுத்தியிருந்தான். சேர்க்கைக்கு முன்னாடியே கருவுறுதல் எப்படி வந்தது என்று கூப்பிட்டுக் கேட்டேன். "ரெண்டும் ஒண்ணுதானே டீச்சர், எதை முன்னாடி போட்டா என்ன?" என்றான்.

ஒன்றே இல்லை, கண்ணா. மகரந்தச்சேர்க்கை என்பது மகரந்தத் தூள் பூவின் பெண் உறுப்பான சூலகத்தின் நுனியில், அதாவது சூலகமுடியில், வந்து விழுவது மட்டும்தான். பின்னால் விதையாக மாறும் சூலோ கீழே சூலகப்பைக்குள் மூடிக் கிடக்கிறது. நடுவில் சூலகத்தண்டு இருக்கிறது. தூள் அதைத் தாண்டிக் குதிக்காது. உலர்ந்து வந்து விழும் தூள் முதலில் சூலகமுடியிலிருந்து ஈரத்தை உறிஞ்சிப் பருக்கிறது. பிறகு அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று கிளம்பித் தண்டுக்குள் இறங்கி, ஆண் பாலணுக்களைச் சூல்வரை கொண்டுபோய் விடுகிறது. அங்கே ஆணணு முட்டையோடு இணைவதுதான் கருவுறுதல். மக்காச்சோளக் கதிரின் பட்டிழை ஒவ்வொன்றும் ஒரு நீண்ட சூலகத்தண்டு. குழாய் அதைக் கடந்து முடிக்க ஏறக்குறைய ஒரு நாள் ஆகிறது. ஆர்கிட் செடிகள் பலவற்றில் தூள் விழுந்த பிறகே சூல்கள் முதிரத் தொடங்கும். கருவுற வாரங்களோ மாதங்களோ ஆகலாம். தேனீ வந்துபோனதைப் பார்த்துவிட்டு "கருவுற்றது" என்று எழுதுகிறவர்கள் இந்த இடைவெளியைத்தான் விழுங்கிவிடுகிறார்கள். தூள் விழுந்தும் குழாய் வளராமல் போவதும் உண்டு. அப்போது சேர்க்கை நடந்திருக்கும், கருவுறுதல் நடந்திருக்காது.

வரிசையில் சந்தேகம் வந்தால் ஒவ்வொரு படியிலும் "ஆணணு இப்போது எங்கே இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். மனப்பாடம் தேவைப்படாது.

அதே தாளில், செடியில் தண்ணீர் எப்படி மேலே ஏறுகிறது என்ற அடுத்த கேள்விக்கு அவன் எழுதிய பதில்: "வேர் தண்ணீரை மேலே தள்ளுகிறது." வெள்ளைப் பூ ஒன்றைக் காம்போடு வெட்டிச் சாயத் தண்ணீரில் வைத்தால் சில மணி நேரத்தில் இதழில் நிறம் ஏறுகிறதே, அங்கே வேர் எங்கே? இலைத்துளை வழியாக நீர் ஆவியாகப் போகப் போக, நீரைக் கொண்டுசெல்லும் நுண்குழாய்களான சைலத்தில் அறுபடாமல் நிற்கும் நீர் மேல்நோக்கி இழுபடுகிறது. வேருக்கும் ஓர் அழுத்தம் உண்டுதான். விடியலில் சில செடிகளின் இலை விளிம்பில் முத்துமுத்தாகத் துளிகள் நிற்பது அதனால்தான். ஆனால் உயரமான மரத்தின் உச்சிவரை ஏற்ற அது போதாது.

வகுப்பில் செய்து காட்டுகிறவர்களிடம் ஒரு கெஞ்சல். காம்பைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து வெட்டுங்கள். வெளியே வெட்டினால் சைலத்துக்குள் காற்றுக்குமிழி புகுந்து நீர்த்தம்பம் அறுந்துவிடும், நிறமும் சரியாக ஏறாது. நீராவிப்போக்கைக் காட்டத் தொட்டிச் செடியைப் பாலித்தீன் பையால் மூடும்போது தொட்டியையும் சேர்த்து மூடாதீர்கள். பைக்குள் படியும் துளி இலையிலிருந்து வந்ததா, ஈர மண்ணிலிருந்து வந்ததா என்று பிள்ளை கேட்டால் என்ன சொல்வீர்கள்? கிளையை மட்டும் பைக்குள் விட்டு வாயை இறுகக் கட்டுங்கள். ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்திலேயே இலைகளை உருவிய கிளை ஒன்றையும் அதே மாதிரி கட்டி வையுங்கள்.