பங்கை விற்கப் போகிறீர்களா? ஒப்பந்தத்தை வைத்துவிட்டு ஆர்ட்டிகிள்ஸை எடுங்கள்

திருப்பூரில் ஒரு சின்ன பனியன் கம்பெனியின் பங்குதாரர் ஒருவர் போன வருஷம் செப்டம்பரில் ஒரு பிளாஸ்டிக் கவரோடு வந்தார். கவருக்குள் நூறு ரூபாய் பத்திரத்தாளில் எழுதிய ஷேர்ஹோல்டர்ஸ் அக்ரிமென்ட், நான்கைந்து கடித நகல்கள். "ஒப்பந்தம் தெளிவா இருக்குங்க, ஆனா பங்கை மாத்த மாட்டேங்கறாங்க" என்றார்.

கம்பெனியில் மொத்தம் 10,000 பங்குகள். அண்ணனுக்கு 5,000, தம்பிக்கு 3,000, அவர்களோடு சேர்ந்து தொழில் தொடங்கிய இவருக்கு 2,000. வெளியாள் ஒருவர் பங்குக்கு 1,500 ரூபாய் தருவதாகச் சொல்லியிருந்தார். கூட்டிப் பார்த்தால் 30 லட்சம். ஒப்பந்தப்படி, அந்த விலைக்கு அண்ணனும் தம்பியும் 30 நாளில் வாங்க வேண்டும், இல்லையென்றால் இவர் வெளியே விற்றுக்கொள்ளலாம். இவர் கேட்டார், அவர்கள் வாங்கவில்லை. வெளியாளோடு பங்கு மாற்றப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கம்பெனியில் கொடுத்தார். அங்கேதான் நின்றுபோனது.

"ஆர்ட்டிகிள்ஸ் எங்கே?" என்று கேட்டேன். கம்பெனி தன்னை நடத்திக்கொள்ள எழுதித் தாக்கல் செய்திருக்கும் விதிப் புத்தகம் அது, அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. பங்குதாரர்களின் சிக்கல்களைப் பார்க்கும் இந்த வேலையில் பத்து வருஷமாக இருக்கிறேன், என்னிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒப்பந்தத்தைத்தான் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2013 கம்பெனிகள் சட்டத்தின்படி பங்கு மாற்றத்துக்கு ஏதாவது ஒரு கட்டுப்பாட்டை ஆர்ட்டிகிள்ஸில் வைத்திருந்தால்தான் அது பிரைவேட் லிமிடெட். ஆனால் அது என்ன கட்டுப்பாடு என்று சட்டம் சொல்வதில்லை. "முதலில் எங்களுக்குத்தான் விற்க வேண்டும்" என்கிற முன்வாங்கும் உரிமையும் சட்டத்தில் இல்லை. உங்கள் கம்பெனியின் ஆர்ட்டிகிள்ஸில் எழுதியிருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

ஒப்பந்தத்தில் இருந்து ஆர்ட்டிகிள்ஸில் இல்லையென்றால்? இதற்கான பதில் ஒரு குடும்பச் சண்டையிலிருந்து வந்தது. சென்னை உயர் நீதிமன்றம் வழியாக உச்ச நீதிமன்றம் போன வழக்கு, ரங்கராஜ் எதிர் கோபாலகிருஷ்ணன். மொத்தமே 50 பங்குகள், இரண்டு சகோதரர்களின் கிளைக்கு இருபத்தைந்து இருபத்தைந்தாக. ஒரு கிளையில் யாராவது விற்பதானால் அதே கிளைக்குத்தான் முதலில் கொடுக்க வேண்டும் என்று 1951-இல் வாய்மொழியாகப் பேசிக்கொண்டார்கள். பின்னால் ஒருவர் மறு கிளைக்கு விற்றுவிட்டார். கீழே சொந்தக் கிளைக்காரர்களுக்கு ஜெயம். 1991-இல் உச்ச நீதிமன்றம் அதைப் புரட்டிப்போட்டது. ஆர்ட்டிகிள்ஸில் இல்லாத கட்டுப்பாடு கம்பெனியையும் கட்டாது, பங்குதாரரையும் கட்டாது, விற்பனை செல்லும் என்றது. ஒப்பந்தத்தை மீறினார் என்று நஷ்டஈடு கேட்டு அலைவது தனிக் கதை, பங்கு கைக்கு வராது.

ஆகவே நீங்கள் பணம் போடும் நாளிலேயே ஒப்பந்தத்தின் வரிகளை ஆர்ட்டிகிள்ஸுக்குள் ஏற்றச் சொல்லுங்கள். "முரண்பட்டால் ஒப்பந்தமே மேலோங்கும்" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருப்பதைக் காட்டிச் சமாதானம் சொல்வார்கள், அதை நம்பி உட்காராதீர்கள். ஆர்ட்டிகிள்ஸை மாற்றச் சிறப்புத் தீர்மானம் வேண்டும், அதாவது விழுந்த ஓட்டில் முக்கால் பங்கு. நம் ஆளிடம் இருந்தது 20 சதவீதம். அண்ணனும் தம்பியும் சேர்ந்தால் 80. அவர்கள் நினைத்தால் மாற்றலாம், இவர் தலைகீழாக நின்றாலும் முடியாது. பணம் கைமாறிய பிறகு உங்கள் பேச்சு எடுபடாது.

சரி, ஆர்ட்டிகிள்ஸை எப்படி வாங்குவது? இவர் கேட்டபோது "ஆடிட்டர்கிட்ட இருக்கு" என்றார்கள். ஆடிட்டர் அலுவலகத்தில் "கம்பெனி லெட்டர் கொண்டு வாங்க" என்றார்கள். இந்த விளையாட்டுக்கே போகாதீர்கள். பங்குதாரர் எழுத்தில் கேட்டு உரிய கட்டணம் கட்டினால் ஏழு நாளில் நகல் கொடுக்க வேண்டும் என்கிறது 17-ஆம் பிரிவு. தவறினால் நாளுக்கு ஆயிரம் ரூபாய் அபராதம், ஒரு லட்சம் வரை. அதற்கும் அசையாவிட்டால் mca.gov.in தளத்தில் கட்டணம் கட்டி, கம்பெனி தாக்கல் செய்த ஆர்ட்டிகிள்ஸை நீங்களே பார்க்கலாம். கம்பெனி தொடங்கியபோது போட்டதோடு நிறுத்தாமல் பின்னால் வந்த திருத்தங்களையும் தேடுங்கள்.

நாங்கள் அப்படித்தான் எடுத்தோம். ஒப்பந்தத்தில் இருந்த "வெளியாள் விலை" ஆர்ட்டிகிள்ஸில் எங்குமே இல்லை. அதிலிருந்த வழி வேறு. விற்க விரும்புகிறவர் முதலில் போர்டுக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும், கம்பெனியின் ஆடிட்டர் "நியாய மதிப்பு" சொல்ல வேண்டும், மற்ற பங்குதாரர்களுக்கு 30 நாள் கெடு, அவர்கள் எடுக்காவிட்டால் மூன்று மாதத்துக்குள் வெளியே விற்கலாம். இவர் முதல் படியைத் தாண்டி நேரே கடைசிப் படிக்குப் போயிருந்தார். போர்டு மறுப்பதற்குக் காரணத்தை இவரே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. வாங்குகிறவர் கிடைத்த சந்தோஷத்தில் எல்லோரும் செய்யும் தப்புதான்.

கம்பெனியும் யோக்கியமாக மறுக்கவில்லை, அது வேறு விஷயம். தேதிகளைப் பாருங்கள். பங்கு மாற்றப் படிவம், அதாவது எஸ்எச்-4, கையெழுத்தான நாள் ஜூன் 3. அதிலிருந்து 60 நாளுக்குள், அதாவது ஆகஸ்ட் 2-க்குள், ஸ்டாம்ப் ஒட்டி, அசல் பங்குச் சான்றிதழோடு கம்பெனியில் சேர வேண்டும். இவர் ஜூன் 10-ஆம் தேதியே கொடுத்துவிட்டார். கம்பெனி மறுப்பதானால் 30 நாளுக்குள், ஜூலை 10-க்குள், காரணத்தோடு எழுத்தில் சொல்ல வேண்டும். "காரணம் சொல்லாமல் மறுக்க போர்டுக்கு அதிகாரம் உண்டு" என்று பழைய ஆர்ட்டிகிள்ஸ் பலவற்றில் இருக்கும். 58-ஆம் பிரிவு காரணம் கேட்கிறது, சட்டத்துக்கு எதிரே ஆர்ட்டிகிள்ஸ் நிற்காது.

மறுப்புக் கடிதம் வந்தால், கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் பங்கை வாங்குகிறவர் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டும். நமக்குச் சென்னை அமர்வு. கடிதமே வராவிட்டால் படிவம் கொடுத்த நாளிலிருந்து 60 நாள், இவர் விஷயத்தில் ஆகஸ்ட் 9. வினை இங்கேதான். ஜூலையில் போய்க் கேட்டபோது "அடுத்த வாரம் போர்டு மீட்டிங்" என்றார்கள். அப்புறம் "அண்ணன் வெளியூர்." ஆகஸ்டில் "ஆடிட்டர் பாத்துட்டிருக்காரு." மறுக்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை. என்னிடம் வந்தபோது ஆகஸ்ட் 9 தாண்டி ஒரு மாதம் ஆகியிருந்தது. அதோடு, படிவத்தை ஜூன் மாதம் நேரில் கொடுத்ததற்கும் இவரிடம் ரசீது இல்லை!

எதைக் கொடுத்தாலும் ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள், சேர்ந்ததற்கான அத்தாட்சியை எடுத்து வையுங்கள். பங்குச் சான்றிதழின் அசல் உங்கள் வீட்டில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். பல கம்பெனிகளில் அது ஆடிட்டர் பீரோவில்தான் தூங்குகிறது, விற்கப் போகும்போது கேட்டால் "தேடிப் பார்க்கிறோம்" என்பார்கள். இன்னொன்று: சிறு கம்பெனி வரம்பைத் தாண்டிய பிரைவேட் கம்பெனி என்றால் காகிதப் பங்கை இப்போது மாற்ற முடியாது, முதலில் டீமேட் ஆக்க வேண்டும். இவருடையது சிறு கம்பெனி, அதனால் காகிதமே போதுமாக இருந்தது.

அடுத்தது விலை. அறிவிப்புக் கொடுத்துவிட்டால் பல ஆர்ட்டிகிள்ஸில் திரும்ப வாங்க முடியாது. ஆடிட்டர் சொல்லும் விலைக்கு அவர்கள் எடுத்துக்கொண்டால் நீங்கள் கொடுத்தே ஆக வேண்டும். அதனால் கையெழுத்துப் போடுமுன் மூன்று இடங்களைப் படியுங்கள். விலை எப்படி முடிவாகிறது, பிடிக்காவிட்டால் விலகலாமா, பாதிப் பங்கை மட்டும் அவர்கள் எடுத்துக்கொள்ளலாமா. கடைசியது சின்னதாகத் தெரியும். 2,000-இல் 500-ஐ மட்டும் எடுத்துக்கொண்டால் மிச்சத்தை வெளியாள் சீண்டமாட்டார்.

இவருடைய ஆர்ட்டிகிள்ஸில், மதிப்பு தெரிந்த ஏழு நாளுக்குள் அறிவிப்பை வாபஸ் வாங்கலாம் என்று ஒரு வரி இருந்தது. அதை நம்பி ஆர்ட்டிகிள்ஸ்படி புதிதாக அறிவிப்புக் கொடுத்தோம். ஆடிட்டர் பங்குக்கு 600 ரூபாய் என்றார். பேலன்ஸ் ஷீட்டில் இருந்த நிகர மதிப்பு 60 லட்சத்தைப் பத்தாயிரத்தால் வகுத்திருக்கிறார், அவ்வளவுதான். கம்பெனியின் இடம் வாங்கிய விலையான நாலு லட்சத்துக்கே கணக்கில் நின்றது. ஆர்ட்டிகிள்ஸில் இருந்த வார்த்தை "நியாய மதிப்பு", "புத்தக மதிப்பு" இல்லை. இதைச் சுட்டிக்காட்டி, அதே தெருவில் பதிவான இரண்டு கிரயப் பத்திர நகல்களையும் வைத்து எழுதினோம். ஏழு நாளுக்குள் வாபஸும் வாங்கிக்கொண்டோம்.

இந்த நேரத்தில்தான் இன்னொரு வேலை நடக்கும், தபாலைக் கவனியுங்கள். சண்டை முற்றினால் கம்பெனி "ரைட்ஸ் இஷ்யூ" என்று புதுப் பங்கு வெளியிடும். புதுப் பங்கில் உங்கள் விகிதத்துக்கு முதல் உரிமை சட்டத்திலேயே, 62-ஆம் பிரிவில், இருக்கிறது. ஆனால் கெடு ஏழு நாளாகக்கூட இருக்கலாம், முப்பதைத் தாண்டாது. பதில் போடாவிட்டால் வேண்டாம் என்றதாக அர்த்தம். கடிதத்தை ஏதோ நோட்டீஸ் என்று பிரிக்காமல் வைத்து, 20 சதவீதத்தை 5 ஆக்கிக்கொண்டவர்கள் உண்டு.

நம் ஆளுக்கு அப்படி எதுவும் வரவில்லை. ஜனவரியில் இரண்டாவது அறிவிப்பு கொடுத்தோம். இந்த முறை ஆடிட்டர் இடத்தின் மதிப்பையும் சேர்த்து 1,150 என்றார். அண்ணனும் தம்பியும் 2,000 பங்கையும் எடுத்துக்கொண்டார்கள், 23 லட்சம். வெளியாள் தருவதாகச் சொன்னதைவிட ஏழு லட்சம் குறைவு. பணம் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகுதான் எஸ்எச்-4-இல் கையெழுத்துப் போடச் சொன்னேன்.

கவரிலிருந்த நூறு ரூபாய்ப் பத்திரத்தை என்ன செய்வது என்று கேட்டார். அவருக்குத் தெரிந்த இன்னொரு கம்பெனியில் இறந்துபோன ஒரு பங்குதாரரின் மனைவியிடமும் எஸ்எச்-4-இல் கையெழுத்துக் கேட்கிறார்களாம், அதையும் அப்போதுதான் சொன்னார். அந்தம்மாவை எதிலும் கையெழுத்துப் போடாமல் நேராக இங்கே வரச் சொல்லுங்கள் என்றேன். வாரிசுக்குப் பங்கு போவது விற்பனை இல்லை, அதற்கு எஸ்எச்-4-ம் வேண்டாம், ஸ்டாம்பும் வேண்டாம்.